நெற்றிப்பொட்டில் பெப்பர்மின்ட் எண்ணெய்: எத்தனை சதவீதம், எப்படிக் கலப்பது, யாருக்கு ஆகாது

தலைவலிக்கு நெற்றிப்பொட்டில் இரண்டு சொட்டு பெப்பர்மின்ட் எண்ணெய் தடவினால் போதும் என்ற குறிப்பு, கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குப் பரவிக்கொண்டே இருக்கிறது. அதற்கு அடிப்படையாக ஒரு மருத்துவ ஆய்வு இருப்பது உண்மைதான். ஆனால் அந்த ஆய்வில் தடவப்பட்டது குப்பியிலிருந்து நேரே ஊற்றிய எண்ணெய் அன்று. பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்ட கரைசல். தலைவலியிலும் எல்லா வகையும் அதில் சேர்க்கப்படவில்லை. இறுக்கத் தலைவலி என்ற ஒரு வகை மட்டுமே சோதிக்கப்பட்டது. குறிப்பு பரவும்போது இந்த இரண்டு நிபந்தனைகளும் உதிர்ந்துவிடுகின்றன. கண் எரிச்சல், தோல் சிவத்தல், ஒன்றும் பலிக்கவில்லை என்ற ஏமாற்றம் ஆகியவற்றில் பெரும்பகுதி இந்த உதிர்தலிலிருந்து வருகிறது. ஆகவே நிபந்தனைகளை முதலில் பார்த்துவிட்டு, பிறகு அளவுக்குப் போவோம்.

## இறுக்கத் தலைவலி எது?

தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியது போல் இருக்கிறது என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். வலி பெரும்பாலும் தலையின் இரு பக்கமும் இருக்கும், துடிக்காது, அழுத்தும். வேலையை மந்தமாக்கும், ஆனால் ஆளைப் படுக்கையில் தள்ளாது. மாடிப்படி ஏறினால் வலி அதிகமாகாது. வாந்தி வராது. அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடலாம். ஏழு நாள் வரை நீடிக்கவும் செய்யலாம். கழுத்துப்பட்டையிலும் தோளிலும் தசை கெட்டிப்பட்டிருப்பது வழக்கம்.

ஒற்றைத் தலைவலி எனப்படும் மைகிரேன் இதற்கு மாறானது. பெரும்பாலும் ஒரு பக்கமாகத் துடிக்கும், நடந்தால் கூடும், குமட்டலும் வெளிச்சத்தைக் கண்டால் கூச்சமும் உடன் வரும். மைகிரேன் வந்திருக்கும்போது வாசனையே தாங்காதவர்கள் பலர் உண்டு. பெப்பர்மின்ட் போன்ற காட்டமான மணத்தை அவர்கள் கண்ணுக்கு அருகில் தடவினால் வலி கூடுமே தவிரக் குறையாது. எனவே, எண்ணெயை எடுப்பதற்கு முன், இது துடிக்கிறதா, அழுத்துகிறதா என்ற ஒரு கேள்வியையாவது கேட்டுக்கொள்ள வேண்டும்.

## குப்பிக்குள் இருப்பது எது?

பெப்பர்மின்ட் என்பது நாம் துவையலுக்கு அரைக்கும் புதினா அன்று. நீர்ப்புதினா, ஈட்டிப்புதினா ஆகிய இரண்டு இனங்களின் கலப்பில் உண்டான செடி அது. தாவரவியலில் மெந்தா பைப்பரிட்டா என்று பெயர். அதன் இலையையும் தண்டையும் நீராவியில் வாலை வடித்து எடுப்பதே பெப்பர்மின்ட் எண்ணெய். அதில் ஏறத்தாழ 30 முதல் 55 சதவீதம் வரை மென்தால் இருக்கும். குளிர்ச்சியைத் தருவது அதுதான்.

இந்தியச் சந்தையில் ஒரு குழப்பம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில், குறிப்பாகப் பாராபங்கி வட்டாரத்தில், பெருமளவு பயிராவது மெந்தா ஆர்வென்சிஸ் என்ற வேறொரு புதினா. வடித்தெடுத்த நிலையில் அதன் எண்ணெயில் 70 சதவீதத்துக்கும் மேல் மென்தால் இருக்கக்கூடும். அதைக் குளிரவைத்து மென்தாலைப் படிகமாகப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் எண்ணெயும் விற்பனைக்கு வருகிறது. ‘புதினா எண்ணெய்’ என்று மட்டும் எழுதிய மலிவான குப்பியில் இவற்றில் எது இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒரே எண்ணிக்கைச் சொட்டில் இரண்டு மடங்கு மென்தால் தோலில் படலாம் என்பதுதான் இதன் விளைவு. ஆகவே சீட்டில் செடியின் தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் புதினா உப்பு என்பது இப்படிப் பிரித்தெடுத்த மென்தால் படிகம். அதைப் பச்சைக் கற்பூரத்தோடும் ஓம உப்போடும் சேர்த்து வைத்தால் மூன்றும் இளகித் திரவமாகிவிடும். அமிர்ததாரா என்ற பெயரில் பல வீடுகளில் இருப்பது அதுதான். அது எண்ணெய் கலந்து குறைக்கப்படாத, மிகச் செறிந்த கலவை. இந்தக் கட்டுரையில் வரும் அளவுகள் அதற்குப் பொருந்தா.

## தோலில் தடவுவது வலியை எப்படித் தொடுகிறது?

மென்தால் தோலை உண்மையில் குளிரவைப்பதில்லை. தோலின் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற ஒரு புரதம் உண்டு. வெப்பநிலை இறங்கும்போது அது திறந்து, குளிர் என்ற செய்தியை மூளைக்கு அனுப்பும். மென்தால் அதே புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, வெப்பநிலை மாறாமலேயே அந்தச் செய்தியை அனுப்ப வைக்கிறது. 2002-இல் டேவிட் ஜூலியஸ் குழுவும் ஆர்டெம் படபூட்டியன் குழுவும் தனித்தனியே இதைக் கண்டறிந்தன. தொடுகையும் வெப்பமும் எப்படி உணரப்படுகின்றன என்பது பற்றிய ஆய்வுகளுக்காக 2021-இல் அவ்விருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நெற்றியிலிருந்தும் நெற்றிப்பொட்டிலிருந்தும் வரும் குளிர்ச் செய்தியும் வலிச் செய்தியும் முக்கிளை நரம்பு என்ற ஒரே வழியாகத்தான் மூளைத்தண்டுக்குப் போகின்றன. இடைவிடாத குளிர்ச் செய்தி வரும்போது வலிச் செய்தி அமுங்குகிறது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்துவிட்டால் வலி சற்று அடங்குவதை நாம் அறிவோம். இதுவும் அந்த இனத்தைச் சேர்ந்தது. வலி எதனால் வந்ததோ அது இதனால் தீர்வதில்லை. வலி மூளைக்கு எட்டும் வழி மட்டுமே மறிக்கப்படுகிறது. இந்த வேறுபாடு கடைசிப் பகுதியில் முக்கியமாகும்.

## கீல் நகரத்து ஆய்வு

ஜெர்மனியின் கீல் நகரில் ஹார்ட்முட் கோபெல் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வே இத்துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது. இறுக்கத் தலைவலி உள்ள 41 பேருக்கு வந்த 164 தலைவலிகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவரும் தமக்கு வந்த தலைவலிகளில் ஒன்றுக்கு எண்ணெய்க் கரைசலையும், ஒன்றுக்கு 1,000 மில்லிகிராம் பாராசிட்டமாலையும், ஒன்றுக்கு இரண்டையும் சேர்த்தும், இன்னொன்றுக்கு மருந்தற்ற போலிகளையும் பெற்றார்கள். எது எப்போது தரப்பட்டது என்பது அவர்களுக்கோ ஆய்வாளர்களுக்கோ தெரியாது.

எண்ணெய்க் கரைசல் என்பது 10 சதவீதம் பெப்பர்மின்ட் எண்ணெயை எத்தனால் என்ற சாராயத்தில் கரைத்தது. அதை நெற்றியிலும் நெற்றிப்பொட்டுகளிலும் பரவலாகத் தடவினார்கள். 15 நிமிடம் கழித்து மறுமுறை, 30 நிமிடத்தில் மூன்றாம் முறை. போலிக் கரைசலோடு ஒப்பிட, 15 நிமிடத்திலேயே வலி குறிப்பிடத்தக்க அளவு இறங்கியது. பாராசிட்டமாலுக்கும் கரைசலுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இந்த ஆய்வில் ஓர் இடர்ப்பாடு உண்டு. புதினா மணத்தை யாரிடமிருந்தும் மறைக்க முடியாது. மணமே இல்லாத போலியைத் தடவினால், தமக்குக் கிடைத்தது போலி என்று நோயாளி உடனே கண்டுகொள்வார். அதனால் போலிக் கரைசலிலும் மணத்துக்காக மிகச் சிறிதளவு பெப்பர்மின்ட் எண்ணெய் சேர்த்தார்கள். அப்படியும், சில்லென்ற உணர்வு ஒன்றில் மிகுந்தும் மற்றதில் குறைந்தும் இருக்கும்போது நோயாளி ஊகிக்காமல் இருந்திருப்பாரா என்ற ஐயம் நியாயமானது. ஆய்வின் அளவும் சிறியதே. ஆயினும் ஜெர்மனியில் இந்த 10 சதவீதக் கரைசல் மருந்தாகவே மருந்துக்கடைகளில் விற்கப்படுகிறது. ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகை மருந்துக் குறிப்பேடும் லேசான இறுக்கத் தலைவலிக்குத் தோலில் தடவும் மருந்தாகப் பெப்பர்மின்ட் எண்ணெயை ஏற்றிருக்கிறது. வீட்டுக் குறிப்புகளில் இவ்வளவு ஆதாரம் உள்ளவை அதிகம் இல்லை.

யூகலிப்டஸ் எண்ணெயையும் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றலாம். அதே குழு 1994-இல் வெளியிட்ட ஆய்வில், யூகலிப்டஸ் சேர்ந்த கலவை தசையைத் தளர்த்தியதே தவிர வலியுணர்வைப் பெரிதாகக் குறைக்கவில்லை. வலியைக் குறைத்தது பெப்பர்மின்ட்டும் எத்தனாலும் மட்டும் சேர்ந்த கலவைதான்.

## எத்தனால் வீட்டில் இல்லை என்பதே சிக்கல்

ஆய்வில் எத்தனாலைப் பயன்படுத்தியதற்குக் காரணம் உண்டு. அது தடவிய சில நொடிகளில் ஆவியாகிவிடும். ஆவியாகும்போது தானும் கொஞ்சம் குளிர்ச்சி தரும். மென்தாலைத் தோலில் விட்டுச்செல்லும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை அப்படியல்ல. மென்தால் எண்ணெயிலேயே கரைந்து தங்கி, மெல்ல மெல்லத்தான் தோலுக்கு இறங்கும். குளிர்ச்சி மந்தமாக வரும், ஆனால் எரிச்சலும் குறையும்.

இதற்காகச் சாராயத்தைத் தேடிப்போக வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் குடிக்க முடியாதபடி வேறு பொருள்கள் கலந்திருக்கும். சிலவற்றில் இருப்பது எத்தனாலே அன்று, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். வண்ணப்பூச்சுக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கக்கூடும். இவற்றை முகத்தில், அதுவும் கண்ணோரத்தில், தடவக் கூடாது. ஆகவே வீட்டுக்கு எண்ணெய்க் கலவையே ஏற்றது. ஆனால் கீல் ஆய்வின் முடிவு எண்ணெய்க் கலவைக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் நிறுவிக்காட்டவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அதே மருந்தின் மெதுவான வடிவம் என்று இதைக் கருதுவது சரியாக இருக்கும்.

## அளவும் கலக்கும் முறையும்

சொட்டுக் கணக்கு நம்பத்தக்கதன்று. குப்பியின் வாயைப் பொறுத்து ஒரு சொட்டு 0.03 மில்லிலிட்டராகவும் இருக்கலாம், 0.05 மில்லிலிட்டராகவும் இருக்கலாம். பத்துச் சொட்டு என்று எழுதியிருந்தால் ஒருவருக்கு அது 0.3 மில்லி, இன்னொருவருக்கு 0.5 மில்லி. மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மில்லி சிரிஞ்சை ஊசி இல்லாமல் வைத்து அளப்பதே நேர்வழி. மில்லிலிட்டர் கோடு போட்ட சிரிஞ்சாக அது இருக்க வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் இருப்பது யூனிட் கணக்கு. நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் கணக்குடைய சிரிஞ்சும் 100 யூனிட் கணக்குடைய சிரிஞ்சும் இரண்டும் புழங்குவதால், அதை வைத்து அளந்தால் இரண்டரை மடங்கு பிழை வர வழியுண்டு.

1. முதல் முறை கலப்பவர் 3 சதவீதத்தில் தொடங்கலாம். 10 மில்லி கொள்ளும் சிறிய கண்ணாடிக் குப்பி அல்லது ரோல்-ஆன் குப்பியில் 9.7 மில்லி தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய், 0.3 மில்லி பெப்பர்மின்ட் எண்ணெய். வாசனை சேர்த்த கூந்தல் தைலங்கள் வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், உதகை போன்ற ஊர்களிலும் மார்கழி மாதத்திலும் நல்லெண்ணெய் வசதி.

2. குப்பியை மூடி, உள்ளங்கைகளுக்கு இடையே ஒரு நிமிடம் உருட்ட வேண்டும். இரண்டும் எண்ணெயே ஆதலால் நன்றாகக் கலந்துவிடும். தண்ணீரில் கலக்கக் கூடாது. பெப்பர்மின்ட் எண்ணெய் நீரில் கரையாமல் மேலே மிதக்கும், விரலில் வருவது கலப்பற்ற எண்ணெயாகவே இருக்கும். பன்னீரில் கலந்து தடவியவர்களுக்குத் தோல் எரிந்ததற்குக் காரணம் இதுதான்.

3. தலைவலி இல்லாத ஒரு நாளில், முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுக் கலவையைத் தடவி, ஒரு நாள் முழுவதும் பார்க்க வேண்டும். சில்லென்று இருப்பதும் லேசான குறுகுறுப்பும் இயல்பு. அரிப்பு, தடிப்பு, மறுநாளும் மாறாத சிவப்பு ஆகியவை வந்தால் இந்த எண்ணெய் அவருக்கு ஆகாது.

4. இரண்டு மூன்று தலைவலிகளுக்குப் பயன்படுத்திய பின்னும் தோலில் தொல்லை இல்லை, ஆனால் பலனும் போதவில்லை என்றால் 5 சதவீதத்துக்குப் போகலாம்; அதாவது 9.5 மில்லிக்கு 0.5 மில்லி. வீட்டுக் கலவையை அதற்கு மேல் கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. 10 சதவீதம் வேண்டுமானால், அந்த அளவில் மருந்தாகத் தயாரிக்கப்பட்டதை மருந்தாளுநரிடம் கேட்டு வாங்குவதே சரி. அளக்கும் பிழை அங்கே நேராது.

5. குப்பியின் மேல் சதவீதத்தையும் கலந்த தேதியையும் எழுதி ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில், வெயில் படாமல் வைக்க வேண்டும். சிரிஞ்சிலேயே எண்ணெயை விட்டுவைக்கக் கூடாது. பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அது இளக்கும்.

குப்பியிலிருந்து நேரே தடவுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் பார்த்தால் தெளிவாகும். பக்கத்துக்கு இரண்டு சொட்டு வீதம் கலப்பற்ற எண்ணெய் நான்கு சொட்டு என்றால், ஏறத்தாழ 0.15 மில்லி. அதே அளவு எண்ணெய் தோலுக்குப் போக வேண்டுமானால் 3 சதவீதக் கலவையை 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி நிறைய, நெற்றிப்பொட்டில் ஊற்ற வேண்டியிருக்கும். யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். ஆனால் ‘இரண்டே சொட்டு’ என்னும்போது அதைத்தான் செய்கிறார்கள்.

## ஒரு மாலைத் தலைவலி

கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் நாற்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாள். மதியம் மூன்று மணியிலிருந்து நெற்றியிலும் இரு பொட்டுகளிலும் அழுத்தம், கழுத்து இறுகியிருக்கிறது, குமட்டல் இல்லை, காய்ச்சல் இல்லை. இதைப் போல முன்பும் பலமுறை வந்து, தானே போயிருக்கிறது. முழங்கைச் சோதனையை அவர் முன்பே முடித்திருக்கிறார்.

நான்கு மணிக்கு அவர் முகத்தைக் கழுவித் துடைக்கிறார். பல்லைக் கடித்தால் புருவ நுனிக்கும் காதின் மேல்முனைக்கும் இடையே ஒரு தசை அசைவது விரலுக்குத் தெரியும். தடவ வேண்டிய இடம் அதுதான். கண்ணின் ஓரத்திலிருந்து குறைந்தது இரண்டு விரல் அகலம் தள்ளி, பக்கத்துக்கு இரண்டு சொட்டுக் கலவையை வைத்து, மயிரோரத்தை நோக்கிப் பரப்புகிறார். கண்ணை நோக்கி அன்று. உடனே கையைச் சோப்பிட்டுக் கழுவுகிறார். இந்தக் கடைசிச் செயலை மறந்துவிட்டுக் கண்ணைக் கசக்குவதுதான் இந்த மருந்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. கான்டாக்ட் லென்ஸ் அணிபவராக இருந்தால், தடவுவதற்கு முன்பே லென்ஸைக் கழற்றியிருக்க வேண்டும்.

இரண்டு மூன்று நிமிடத்தில் குளிர்ச்சி தெரிகிறது. நாலேகாலுக்கு இரண்டாம் முறை, நாலரைக்கு மூன்றாம் முறை தடவுகிறார். அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஐந்து மணிக்கு வலி பாதியாகக் குறைந்திருந்தால் மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால், நான்காம் ஐந்தாம் தடவலால் ஆகப்போவது தோல் எரிச்சல் மட்டுமே. அப்போது, வழக்கமாக அவருக்கு ஒத்துக்கொள்ளும் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளலாம்; கீல் ஆய்வில் இரண்டையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஓர் எச்சரிக்கை தேவை. தைலம் தடவிய கையோடு வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுப்பதும், போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடிப்பதும் வழக்கம். மென்தால் தடவிய தோலில் இதைச் செய்யக் கூடாது. சூடு தோலின் ரத்த ஓட்டத்தைக் கூட்டி, உள்ளிறங்கும் அளவை உயர்த்துகிறது. குளிர்ச்சி உணர்வோ, சுடுகிறது என்ற எச்சரிக்கையை மழுங்கடிக்கிறது. மென்தால் கலந்த தசைவலிப் பூச்சுகளால் தீக்காயம் போன்ற புண்கள் உண்டானதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2012-இல் எச்சரித்தது. பூசிய இடத்தில் இறுக்கிக் கட்டு போடுவதையும் வெப்பப் பட்டைகள் வைப்பதையும் தவிர்க்கச் சொன்னது. ஆவி பிடிக்கும்போது மென்தால் ஆவி நேரே கண்ணில் ஏறுவது தனித் தொல்லை.

கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான நீரால் பதினைந்து நிமிடம் தொடர்ந்து கழுவ வேண்டும். அதன் பிறகும் எரிச்சலோ மங்கலோ இருந்தால் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தோலில் எரிச்சல் கூடினால் வெறும் தண்ணீர் பயன்படாது. முதலில் கலப்பற்ற தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, அதன் பிறகு சோப்பால் கழுவ வேண்டும்.

## யார் பயன்படுத்தக் கூடாது?

1. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள். இது விதிவிலக்கற்ற தடை. மென்தால் ஆவி சிசுவின் மூக்கில் ஏறும்போது குரல்வளை இறுகி, மூச்சு திடீரென நின்றுபோகும் எதிர்வினை உண்டாகலாம். குழந்தையின் மூக்கடைப்புக்குத் தைலத்தை மூக்கடியில் தடவும் பழக்கம் இதனாலேயே ஆபத்தானது. அதற்கு மேற்பட்ட வயதுக் குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். சிறு பிள்ளைக்குத் தலைவலி என்றாலே அதன் காரணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2. கைக்குழந்தையை அணைத்திருப்பவர்கள். பாலூட்டும் தாயின் நெற்றிப்பொட்டிலிருந்து குழந்தையின் மூக்கு ஒரு சாண் தூரம்கூட இருக்காது. தாய்க்கு ஆகும் மருந்து குழந்தைக்கு அருகில் போகக் கூடாது என்பதால், இவர்கள் வேறு வழி பார்ப்பதே நல்லது.

3. ஆஸ்துமா உள்ளவர்கள். காட்டமான மணத்தால் மூச்சிறைப்பு தூண்டப்படுபவர்களுக்கு இது ஆகாது. ஊதுவத்திப் புகையோ வாசனைத் திரவியமோ இருமலைக் கிளப்பும் என்றால், இதுவும் கிளப்பும் என்று கொள்ளலாம்.

4. ஜி-6-பிடி குறைபாடு உள்ளவர்கள். சிவப்பணுக்கள் எளிதில் சிதைந்துவிடும் இந்தப் பிறவிக் குறைபாட்டோடு பிறந்த சிசுக்களுக்கு மென்தால் கலந்த பூச்சுகளால் கடும் மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. பெரியவர்களுக்கு நெற்றிப்பொட்டில் இரண்டு சொட்டால் அவ்வளவு நேரும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் நாப்தலீன் உருண்டையைத் தவிர்க்கச் சொல்லப்பட்டவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைத் தொட வேண்டும்.

5. கருவுற்றவர்கள். பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய தரவு இல்லாததால் ஐரோப்பியக் குறிப்பேடு இவர்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: கருவுற்று இருபது வாரத்துக்குப் பின் வரும் கடும் தலைவலி, ரத்த அழுத்தம் ஏறியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது தேவைப்படுவது எண்ணெய் அன்று, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி.

6. தோல் சரியில்லாதவர்கள். கரப்பான், வெடிப்பு, பருப் புண் உள்ள இடத்திலும், புருவம் திருத்திய அன்றும், முகச்சவரம் செய்த உடனேயும் தடவக் கூடாது. புதினா மணமுள்ள பற்பசையால் உதட்டோரம் வெடிப்பவர்களுக்கு மென்தால் ஒவ்வாமை இருக்க வாய்ப்புண்டு.

கடையில் வாங்கும் தலைவலித் தைலத்தை ஏற்கெனவே தடவியிருந்தால் அதன் மேல் இதைத் தடவ வேண்டாம். அவற்றில் மென்தாலோடு கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் இருப்பது வழக்கம். பின்னது ஆஸ்பிரினின் உறவு என்பதால், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும் வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து உண்பவர்களும் அந்தத் தைலங்களிலேயே கவனமாக இருக்க வேண்டும். பெப்பர்மின்ட் எண்ணெயில் இயல்பாகச் சாலிசிலேட் இல்லை. அந்த வகையில் அது எளிமையான மருந்து.

## எண்ணெய் மறைத்துவிடக்கூடிய தலைவலிகள்

வலியின் வழியை மறிக்கும் மருந்து, வேறு காரணத்தால் வந்த வலியையும் கொஞ்சம் மறிக்கும் என்பதை முன்பே பார்த்தோம். நெற்றிப்பொட்டைப் பொறுத்தவரை இதில் மிகவும் அஞ்ச வேண்டியது, ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வரும் பொட்டுத் தமனி அழற்சி. நெற்றிப்பொட்டில் ஓடும் தமனியின் சுவர் வீங்கி, அந்த இடம் தொட்டாலே வலிக்கும். தலை சீவும்போது தோல் கூசும். சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை அலுத்து வலிக்கும். அதே அழற்சி கண்ணுக்குப் போகும் தமனியை அடைத்தால் பார்வை போய்விடும், போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. உரிய நேரத்தில் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் தடுத்துவிடலாம். ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய நெற்றிப்பொட்டு வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பது இதனாலேயே கூடாது.

திடீரென இடி விழுந்தது போல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வந்த வலி, கை கால் தளர்வு, பேச்சுக் குழறல் அல்லது பார்வை மாற்றத்தோடு வந்த வலி, தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி: இவற்றுக்கு எண்ணெய்க் குப்பியைத் தேடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இவ்வளவு அவசரமில்லாத ஓர் அடையாளமும் உண்டு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, ஏறக்குறைய அத்தனை நாளும் பாராசிட்டமால் போன்ற மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கிவருபவருக்கு, மாத்திரையே தலைவலியை உண்டாக்கிக்கொண்டிருக்கலாம். மாத்திரை எடுத்த நாள்களையும் எண்ணெய் தடவிய நாள்களையும் தனித்தனியே நாள்காட்டியில் குறித்துவைத்து, அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டினால், நீண்ட விசாரணையில் தெரிய வேண்டியது ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்துவிடும்.